முகூர்த்த நாளில் நகர்ந்த பொத்தான்

எனக்குப் பொறுமை கிடையாது. ஓரிடத்தில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் போகும்போது கையில் போன் இல்லாவிட்டால் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டித் தூளாக்கிவிடுவேன். போன் இருந்தால் அதைவிட மோசம். செய்தி படிக்கலாமென்று ஒரு பக்கத்தைத் திறப்பேன். தலைப்பைத் தொடப் போகிற நேரம் பார்த்து மேலே ஒரு விளம்பரம் வந்து குந்திக்கொள்ளும். தலைப்பு கீழே இறங்கிவிடும், என் விரல் நகைக்கடைக்குள் போய் விழும். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டுவேன். இத்தனைக்கும் எனக்குச் சோறு போடுவதே இந்த மாதிரிப் பக்கங்களைச் செய்கிற வேலைதான்.

திண்டுக்கல்லில் ஒரு தோல்பைக் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. கீழேயிருந்து பசை வாடை ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே நான், ஒரு மேசை, இரண்டு கணினி, பழைய போன்கள் நாலைந்து. பிரியாணிக் கடைக்கு மெனுப் பக்கம், டியூஷன் சென்டருக்கு விண்ணப்பப் பக்கம் என்று வருகிற வேலையையெல்லாம் செய்வேன். அப்படி வந்ததுதான் நிலக்கோட்டைப் பூ மண்டி வேலையும்.

மண்டிக்காரர் ஐம்பது வயதுக்காரர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு போன். அவருடைய வேன் தினமும் காலையில் கிராமம் கிராமமாகப் போய் மல்லிகைப் பூ ஏற்றி வரும். நாளைக்கு யார் வீட்டில் பூ இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று முந்தின நாள் சாயந்தரமே தெரிந்தால்தான் டிரைவர் எந்தப் பக்கம் போவதென்று முடிவு செய்ய முடியும். அதுவரை ஆள் ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு பக்கம் வேண்டுமென்றார்.

செய்து கொடுத்தேன். மேலே அன்றைய விலைப்பலகையின் போட்டோ. விலையைப் பலகையில் சாக்பீஸால் எழுதி அதைப் போட்டோ எடுத்துத்தான் போட வேண்டும் என்று மண்டிக்காரர் பிடிவாதமாக இருந்தார். டைப் அடித்த விலையை யாரும் நம்ப மாட்டார்களாம், அவர் கையெழுத்து இருந்தால்தான் நம்புவார்களாம். போட்டோவுக்குக் கீழே அகலமாக இரண்டு பொத்தான், ஒன்றின் கீழ் ஒன்று. மேலே 'நாளை பூ இல்லை'. கீழே 'நாளை பூ உண்டு'. உண்டு என்பதைத்தான் பெரும்பாலான நாள் அமுக்குவார்கள், அது கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்று யோசித்துத்தான் கீழே வைத்தேன். வேலை முடிந்த கை, காம்புக் கறை ஒட்டிய கை, ஒற்றைக் கையில் போன். எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

பக்கம் குதிக்கக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தேன். போட்டோவின் அகலமும் உயரமும் முன்கூட்டித் தெரியாவிட்டால், பக்கத்தைத் திறந்து காட்டுகிற உலாவி அதற்கு இடமே ஒதுக்காது. எழுத்தையும் பொத்தானையும் முதலில் காட்டிவிடும். போட்டோ வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டு அது உட்காரும். மண்டிக்காரர் ஒருநாள் போனை நட்டக்குத்தலாகப் பிடித்து எடுப்பார், மறுநாள் படுக்கவைத்து எடுப்பார். அதனால் எந்தப் போட்டோ வந்தாலும் அடங்குகிற மாதிரி அளவு மாறாத ஒரு சட்டம் போட்டு, அந்த இடத்தைக் காலியாகவே பிடித்து வைத்தேன். அழகான தமிழ் எழுத்துரு ஒன்று வைத்திருந்தேன், அதையும் தூக்கினேன். எழுத்துரு தாமதமாக வந்தால் அதுவரை போனில் இருக்கிற எழுத்து தெரியும். வந்ததும் எழுத்து அகலமாகி, ஒரு வரி இரண்டு வரியாகி, கீழே இருப்பதெல்லாம் இறங்கும். அதனால் போனில் இருக்கிற எழுத்தே போதும் என்று விட்டுவிட்டேன். ஒரு பக்கம் திறக்கும்போது எவ்வளவு ஆடுகிறது என்பதற்கு மதிப்பெண் உண்டு. திரையில் எவ்வளவு பரப்பு ஆடியது, எவ்வளவு தூரம் ஆடியது, இரண்டையும் பெருக்கினால் வருவது. குறைந்தால் நல்லது. என் பக்கத்துக்குப் பூஜ்யம் வந்தது. அதை மண்டிக்காரரிடமே காட்டினேன். பூஜ்யம் வாங்கிவிட்டுப் பெருமைப்படுகிறவளை அவர் அன்றுதான் முதலில் பார்த்திருப்பார்.

ஒரு மாதம் கழித்து அவர் போன் செய்தார். முகூர்த்த நாட்களில் வேன் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்ப வேண்டும், அதை முந்தின நாளே பக்கத்தில் காட்ட வேண்டும் என்றார். அப்போது நான் வேறொரு வேலையில் மண்டை காய்ந்து கிடந்தேன். பத்தே நிமிடத்தில் ஒரு மஞ்சள் பட்டையைச் சேர்த்துவிட்டேன். மண்டிக்காரர் தன் போனில் அறிவிப்பு எழுதுவார். பக்கம் திறந்த பிறகு, இன்று அறிவிப்பு ஏதும் உண்டா என்று அது தனியாக ஒருமுறை கேட்கும். உண்டு என்று பதில் வந்தால் எல்லாவற்றுக்கும் மேலே, மஞ்சளாக, இரண்டு வரியில் செருகிக்கொள்ளும். 'நாளை முகூர்த்தம். வேன் ஒரு மணி நேரம் முன்னதாக வரும்.' என் அறையில் திறந்து பார்த்தேன். பளிச்சென்று வந்தது. அத்தோடு மறந்தேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவரிடமிருந்து அழைப்பு. ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி, நேற்று அவர் என்ன அமுக்கியிருக்கிறார் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். எந்தப் போன், எத்தனை மணிக்குப் பக்கம் திறந்தது, எத்தனை மணிக்கு எந்தப் பொத்தான் அமுங்கியது என்பதெல்லாம் பதிவாகும். பார்த்தேன். 'இல்லை' என்று இருந்தது. அதே போனில் அதற்கு முந்தைய முகூர்த்தத்துக்கும் பார்க்கச் சொன்னார். அதுவும் 'இல்லை'.

“முகூர்த்தம்னா மட்டும் அந்தம்மாவுக்குப் பூ இல்லாமப் போயிருது, பாத்தியா தங்கச்சி,” என்றார். “மத்த நாளெல்லாம் வண்டி நிறைய ஏத்துது. வெல ஏறுற அன்னைக்கு வேற மண்டிக்குப் போட்டுட்டு, கேட்டா உங்க பக்கந்தான் சரியில்லைங்குது.”

“பக்கம் சரியாத்தான் இருக்குண்ணே. அவங்க இல்லைன்னுதான் அமுக்கியிருக்காங்க.”

நான்தான் சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை, டப்பாவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியை அவர் மண்டியில் தராசுக்காரர், மூட்டை தூக்குகிறவர், பூ கொண்டுவந்த பெண்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் பிள்ளையே பார்த்துச் சொல்லிவிட்டது என்று.

அந்தப் பெண்ணே என்னைக் கூப்பிட்டது இரண்டு நாள் கழித்து. டிரைவரிடம் கெஞ்சி என் நம்பரை வாங்கியிருக்கிறார். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து வண்டிப்பாதையில் தள்ளி உள்ளே, அரை ஏக்கர் மல்லிகை. அந்தப் பாதையில் அவர் ஒருவர் வீடுதான். அவர் 'உண்டு' என்றால் மட்டும் வேன் உள்ளே திரும்பும், இல்லையென்றால் நேராகப் போய்விடும். அந்த இரண்டு முறையும் பூவைப் பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். வேன் வரவில்லை என்று தெரிந்து, கூடையைச் சுமந்துகொண்டு ரோட்டுக்கு வந்து, பஸ் பிடித்து மண்டிக்குப் போவதற்குள் மொட்டு வாய் திறந்துவிட்டது. விரிந்த பூவை மாலைக்கு யார் வாங்குவார்கள்? வேறு மண்டியில் போட்டது போக மிச்சம் என்றுதான் மண்டிக்காரரும் நினைத்திருக்கிறார்.

“நாஞ் சரியாத்தான் அமுக்குனேன் தாயி,” என்றார். “உண்டுங்குறதைத்தான் அமுக்குனேன்.”

இந்த வாக்கியத்தை நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். டியூஷன் சென்டர் பெற்றோர் சொல்வார்கள், பிரியாணி ஆர்டர் பண்ணுகிறவர்கள் சொல்வார்கள். பாதிப் பேர் தப்பாகத்தான் அமுக்கியிருப்பார்கள். அதனால் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி அவருக்கு விளக்கினேன். அக்கா, மேலே இருக்கிறது இல்லை, கீழே இருக்கிறது உண்டு, படித்துப் பார்த்து அமுக்குங்கள். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், எனக்குப் படிக்கத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்குப் படிக்கத் தெரியும் என்று அவர் சொன்ன விதம் காதுக்குள்ளேயே நின்றது. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். ஐந்து போனிலும் பார்த்தேன். சொன்ன இடத்தில் பொத்தான் அசையாமல் இருந்தது. மதிப்பெண் மறுபடியும் எடுத்தேன், பூஜ்யம். அன்று முகூர்த்தமுமில்லை, மறுநாளும் இல்லை, மஞ்சள் பட்டை வர வேண்டிய அவசியமே இல்லாத நாள் அது. இது எனக்கு உறைக்கவில்லை. சாதாரண நாளில் தேடிவிட்டு முகூர்த்த நாள் கோளாறு இல்லை என்று முடிவு கட்டினேன்.

மூன்றாம் முறையும் நடந்தது. இந்த முறை மண்டிக்காரர் கோபப்படவில்லை. அடுத்த முகூர்த்தத்திலிருந்து அந்தப் பாதைக்கு வண்டி போகாது, அந்தம்மா எங்கே போட வேண்டுமோ அங்கேயே போட்டுக்கொள்ளட்டும், பக்கத்திலிருந்து அந்த நம்பரை எடுத்துவிடு என்று சாதாரணமாகச் சொன்னார். சரியென்று சொல்லிவிட்டேன். ஆனால் எடுக்கவில்லை. அந்த வரியை அழிக்கப் போனவள், அதைப் படித்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அதுவரை பதிவில் எந்தப் பொத்தான் என்பதை மட்டும்தான் பார்த்திருந்தேன். அன்றுதான் நேரத்தைப் பார்த்தேன். பக்கம் திறந்ததற்கும் பொத்தான் அமுங்கியதற்கும் இடையில் இரண்டு விநாடி. தினமும் அதேதான், இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு. மற்றவர்கள் விலையைப் பார்த்து, போட்டோவைப் பெரிதாக்கி, அரை நிமிடம் கழித்து அமுக்குவார்கள். இவர் வந்தவுடன் தட்டிவிட்டுப் போகிறவர். என்னைப் போலவே பொறுமை இல்லாதவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போதுதான் முதல்முறையாக அவர்மேல் எனக்கு ஒரு ஒட்டுதல் வந்தது. பூ இல்லாதவர் 'இல்லை' என்று சொல்ல எதற்கு இவ்வளவு அவசரம் என்றும் தோன்றியது.

அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. அறையைப் பூட்டிவிட்டு நிலக்கோட்டை பஸ் ஏறினேன். பஸ்ஸில் கால் ஆட்டிய ஆட்டத்தில் முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பினார். அந்தம்மா போனில் சொல்லியிருந்த, பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, வெயிலில் வண்டிப்பாதையில் நடந்தேன்.

அவர் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, புடவைமேல் ஆண்கள் சட்டை. என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது போல. வெயிலில் வந்திருக்கிறாயே என்று தண்ணீர் கொடுத்தார். மண்டியில் தன்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அவர் கேள்விப்பட்டிருந்தார். வண்டி வராவிட்டால் மதியத்துக்குள் வாடுகிற பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைவிட அதுதான் அவரை அரித்தது. பூ கொண்டுவருகிற பெண்கள் பஸ்ஸில் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்களாம். இருபது வருஷமாக அதே மண்டிக்குத்தான் போட்டிருக்கிறார்.

“பூவு போனாக்கூடப் பரவால்ல பாப்பா. திருட்டுத்தனம் பண்றாங்குறது எம்புட்டுப் பெரிய பேச்சு?”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வழக்கம்போல அமுக்குங்கள் அக்கா, நான் பார்க்கிறேன் என்றேன்.

மோட்டார் ரூம் பக்கம்தான் கொஞ்சமாவது டவர் கிடைக்குமாம். மூலையில் விரிசல் விட்ட போன். பக்கத்தைத் திறந்தார். வெள்ளையாகச் சுற்றியது, பிறகு போட்டோவுக்கான காலிச் சட்டமும் அதன் கீழே இரண்டு பொத்தானும் வந்தன. அவருடைய கட்டைவிரல் ஏற்கெனவே அந்த உயரத்தில் தயாராக நின்றது. நேராகக் கீழ்ப் பொத்தானுக்கு இறங்கியது. விரல் கண்ணாடியைத் தொடுவதற்குக் கண் இமைக்கிற நேரம் முன்னால், மேலே மஞ்சளாக ஒன்று விழுந்தது. சட்டம் இறங்கியது, பொத்தான் இரண்டும் இறங்கின. 'உண்டு' இருந்த இடத்தில் 'இல்லை' வந்து நின்றது. விரல் அதன்மேல் பட்டது. 'பதிவாகிவிட்டது. நன்றி' என்று பக்கம் மாறியது.

உண்டுக்கும் அதே நன்றி, இல்லைக்கும் அதே நன்றி. அதுவும் நான் எழுதியதுதான். எதற்கு இரண்டு செய்தி என்று சோம்பல்.

“பாத்தியா, அமுக்கிட்டேன்,” என்றார். நிம்மதியாக இருந்தார்.

எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. என் அறையில் வைஃபை. கேள்வியும் பதிலும் கண்ணுக்குத் தெரியாமல் போய்வந்துவிடும், பட்டை பக்கத்தோடு சேர்ந்தே வருவது போலிருக்கும். இங்கே பக்கம் வந்து, பிறகு கேள்வி போய், பதில் வர ஒன்றரை இரண்டு விநாடி. அவருடைய விரலும் அதே நேரத்துக்குத்தான் போய்ச் சேரும். இரண்டு வரிப் பட்டையின் உயரமும் ஒரு பொத்தானின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. திரையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த அளவு ஆட்டத்துக்கு மதிப்பெண் எடுத்திருந்தால், பூஜ்யம் வந்திருக்காதே தவிர, நல்ல பக்கம் என்றுதான் அப்போதும் வந்திருக்கும். பூ எப்போது அதிகம் வேண்டுமோ அன்றைக்கு மட்டும் பொத்தான் நகர்கிற மாதிரி, நானே உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இவ்வளவு சரியாகச் செய்திருக்க முடியாது.

அவரிடம் சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அக்கா, நீங்கள் சரியாகத்தான் அமுக்கினீர்கள், அது கீழே போய்விட்டது, என் தப்பு என்று உளறினேன். அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆமாம், மஞ்சளாக ஏதோ வந்து போகும் என்றார், ஏதோ சாதாரண விஷயம் போல.

அங்கேயே டிரைவரைக் கூப்பிட்டு, நாளைக்கு இவருக்குப் பூ உண்டு என்றேன். அவர் தயங்கினார். அந்தப் பாதைக்கு இனி திரும்ப வேண்டாமென்று அண்ணன் சொல்லியிருக்கிறார், அவர் சொல்லாமல் நான் வண்டியைத் திருப்ப முடியாது என்றார். மண்டிக்காரரின் இரண்டு போனும் பிஸி. நாளை விடியற்காலையில் இந்த அரை ஏக்கரும் மொட்டாக நிற்கும். ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்கு வந்து நிலக்கோட்டை பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன்.

மண்டியில் முகூர்த்தத்துக்கான பரபரப்பு. நாளைக்கு வேண்டிய சாக்கையும் கூடையையும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள், தராசுக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். மண்டிக்காரர் யாருடனோ போனில் கத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு கேவலமான யோசனை வந்தது உண்மை. சர்வரில் கொஞ்சம் கோளாறு, சரி செய்துவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. சர்வர் யாரென்று அவருக்குத் தெரியாது, அதுவும் எதிர்த்துப் பேசாது. ஆனால் அப்படிச் சொன்னால் அந்தம்மாமேல் விழுந்த பேச்சு அப்படியேதான் இருக்கும்.

என் போனில் நெட்டை 2ஜிக்கு மாற்றினேன். பக்கம் சட்டென்று திறக்கப் போன் சேமித்து வைத்திருந்ததையெல்லாம் அழித்தேன். சோதனைக்கென்று வைத்திருக்கிற நம்பரில் பக்கத்தைத் திறக்கிற இடத்துக்கு வந்து, போனை அவர் கையில் கொடுத்தேன்.

“அண்ணே, உண்டுன்னு ஒரு தடவை அமுக்குங்க. சட்டுன்னு அமுக்கணும்.”

விளையாட இதுவா நேரம் என்பது போலப் பார்த்தார். ஆனாலும் வாங்கினார். பக்கம் வந்தது. அவரும் நிதானக்காரர் இல்லை, பொத்தான் தெரிந்ததும் தட்டினார். நான் போனைத் திருப்பி, பதிவைத் திறந்து காட்டினேன். 'இல்லை' என்றிருந்தது.

போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

“நாஞ் சரியாத்தானே அமுக்குனேன்?” என்றார்.

மூன்று வாரமாக இதே வாக்கியத்தை ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் மாறியது. போனைத் தராசுக்காரரிடம் நீட்டி, நீ அமுக்குடா பார்ப்போம் என்றார். முதல் தரம் தராசுக்காரர் நிதானமாகப் பார்த்து அமுக்கினார், சரியாகவே விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சட்டென்று அமுக்கச் சொன்னதும் இரண்டாவது தரம் 'இல்லை'யில் விழுந்தது. மூட்டை தூக்குகிறவருக்கும் அப்படியே. தோற்கத் தோற்க அவர்களுக்கு உற்சாகம் ஏறியது. சந்தையில் பூக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள்கூட வந்து தட்டிப் பார்த்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும், இது என் தப்பு, அந்தக்கா மூன்று தடவையும் உண்டு என்றுதான் அமுக்கியிருக்கிறார்கள், நான் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பூக் கட்டுகிற பெண்களில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள்.

மண்டிக்காரர் என்னைத் திட்டுவாரென்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் டிரைவரைக் கூப்பிட்டு அந்தப் பாதைக்குத் திரும்பச் சொன்னார். பிறகு அந்தம்மாவைக் கூப்பிட்டார். நாளைக்கு வண்டி வரும், சீக்கிரம் பறித்து வை என்றார். அவ்வளவுதான். வேறு வேலை இருப்பதுபோல் கூடைகளுக்குள் போய்விட்டார்.

அன்று சாயந்தரமே அறைக்கு வந்து எல்லாவற்றையும் மாற்றினேன். அறிவிப்பு இனி தனியாகக் கேட்டு வாங்கப்படுவதில்லை, பக்கம் கிளம்பும்போதே அதற்குள் இருக்கும். அறிவிப்பு இல்லாத நாளிலும் அதன் இடம் காலியாக அப்படியே நிற்கும். எது வந்தாலும் வராவிட்டாலும் பொத்தான் ஒரு நூல்கூட நகராது. எல்லாம் வந்து சேரும்வரை பொத்தானை முடக்கி வைக்கலாமா என்று முதலில் யோசித்தேன். மோட்டார் ரூம் டவரில் அது அரை நாள் முடங்கியே கிடக்கும், வேண்டாமென்று விட்டேன். இரண்டு பொத்தானையும் தள்ளித் தள்ளி வைத்து, வேறு வேறு நிறம் கொடுத்தேன். அமுக்கியதும் 'நாளை உங்கள் வீட்டுக்கு வேன் வரும்', 'நாளை வேன் வராது' என்று பெரிதாக வரும், தப்பென்றால் மாற்றிக்கொள்ளலாம். பழைய பதிவுகளையும் நோண்டினேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாட்களில் இன்னும் சிலர் இரண்டு மூன்று விநாடியில் 'இல்லை' என்று அமுக்கியிருந்தார்கள். அவர்கள் வீடெல்லாம் ரோட்டோரம். பக்கத்து வீட்டுக்காக வேன் எப்படியும் நின்றிருக்கும், அவர்களும் ஏற்றியிருப்பார்கள். யாருக்கும் தெரியவே இல்லை.

மறுநாள் வேன் வந்து போனதா என்று கேட்க அந்தம்மாவைக் கூப்பிட்டேன். போய்விட்டது என்றார், பூவெல்லாம் மொட்டாகவே போனது என்றார். மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தை மாற்றிவிட்டேன், இனி நகராது, பழையபடி சட்டென்று அமுக்கலாம் என்று சொன்னேன்.

“சரி தாயி,” என்றார். “இனிமே பாத்து அமுக்குறேன்.”

இல்லை அக்கா, தப்பு உங்கள்மேல் இல்லை என்று நான் ஆரம்பிப்பதற்குள், ஆள் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

இப்போதும் அந்தப் பதிவை அவ்வப்போது திறந்து பார்க்கிறேன், பார்க்க வேண்டிய வேலை எதுவும் இல்லாவிட்டாலும். மண்டிக்கு அவர் பூ ஒழுங்காகப் போகிறது. முகூர்த்தத்துக்கு முந்தின நாளிலும் 'உண்டு' என்றே இருக்கிறது. ஆனால் முன்னால் இரண்டு விநாடி இருந்த இடத்தில் இப்போது நாற்பது, ஐம்பது, ஒருநாள் ஒரு நிமிடத்துக்கும் மேல். அங்கே மோட்டார் ரூம் ஓரத்தில், அசையவே அசையாத ஒரு பொத்தானுக்கு மேலே விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் அத்தனை நேரம் நிற்கிறார்.